முகூர்த்த நாளில் முந்நூறு சேர் எங்கே? வாடகைக் கடைக்கு ஒரு புக்கிங் ஷீட், ஆரம்பத்திலிருந்து

எங்கள் சித்தப்பா சேர், சாமியானா, சவுண்ட் சர்வீஸ் மூன்றையும் சேர்த்து ஒரு வாடகைக் கடை நடத்துகிறார். பதினைந்து வருடமாக எல்லாக் கணக்கும் ஒரே நீளநோட்டில்தான் இருந்தது. தேதி போட்டு, பக்கத்தில் "300 சேர், செட்டு 1, மண்டபம்" என்று எழுதுவார், அட்வான்ஸ் வாங்கியிருந்தால் ஒரு வட்டம். வளர்பிறை முகூர்த்தம் வரிசையாக வந்த ஒரு தையில், வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குப் போன சேர் இன்னும் மண்டபத்திலேயே இருக்கும்போது சனிக்கிழமை வளைகாப்புக்குக் காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டியிருந்தது. நோட்டில் பார்த்தால் தப்பே இல்லை. வெள்ளி 300, சனி 400, கடையில் இருப்பது 600. இரண்டும் தனித்தனி நாள். ஆனால் சனி காலை கடையில் நின்றது சுமார் 250 சேர். மீதிக்குப் பக்கத்து ஊர்க் கடையில் கையைக் கட்டி நின்று, இரட்டை வாடகை கொடுத்து வாங்கினோம்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒரு கூகுள் ஷீட் போட ஆரம்பித்தேன். இப்போது அது ஓடுகிறது, சித்தப்பாவே போனில் பார்த்துப் பதில் சொல்கிறார். அதை எப்படிப் போடுவது, எங்கே சறுக்கும் என்பதை அப்படியே எழுதுகிறேன். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் நிறைய உண்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கீழே சொல்லும் கணக்கு புரியாமல் எதை வாங்கினாலும் நீளநோட்டு செய்த தப்பைத்தான் அதுவும் வேகமாகச் செய்யும்.

முதலில்: விசேஷத் தேதி வேறு, பொருள் பூட்டப்படும் நாட்கள் வேறு

நோட்டின் தப்பு இதுதான். அதில் இருந்தது விசேஷம் நடக்கும் தேதி. கடைக்கு வேண்டியது, பொருள் எந்த நாள் வெளியே போகிறது, எந்த நாள் வரை அதை வேறொருவருக்குத் தர முடியாது என்ற இரண்டு தேதிகள்.

வெள்ளி காலை முகூர்த்தம் என்றால் வியாழன் மாலை வரவேற்பு இருக்கும், அதனால் சேர் வியாழன் காலையே போய்விடும். வெள்ளி மதியப் பந்தி முடிந்து, மண்டபத்துக்காரர் விரட்டி, வண்டி வந்து ஏற்றிக் கடைக்கு வரும்போது ராத்திரி ஆகிவிடும். எண்ணுவதும், சாம்பார் ஒட்டியதைத் துடைப்பதும் சனிக்கிழமை வேலை. ஆக, ஒரு நாள் கல்யாணத்துக்கு சேர் மூன்று நாள் பூட்டப்படுகிறது.

இந்தக் கடைசிக் கட்டத்தை நான் "தேறும் நாள்" என்று எழுதுகிறேன், அதாவது திரும்பி வந்தபின் அடுத்தவருக்குத் தரத் தேறுவதற்கு ஆகும் நாள். பொருளுக்குப் பொருள் இது மாறும். சேருக்கு 1. சவுண்ட் செட்டுக்குப் பெரும்பாலும் 0, ஏனென்றால் ஆபரேட்டர் கூடவே போய்க் கையோடு கழற்றி வந்துவிடுவார். ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி போடக் கூடாது என்பதால் ராத்திரி பத்தரைக்குள் வண்டி ஏறிவிடும். கோயில் திருவிழா போன்றவற்றுக்கு அரசு சில நாள் விலக்குக் கொடுப்பதுண்டு, அப்படிப்பட்ட புக்கிங்கில் திரும்பும் நாளை ஒன்று தள்ளிப் போடுங்கள்.

சாமியானாவுக்கு வெயில் காலத்தில் 1 போதும், ஐப்பசி கார்த்திகையில் 3 போடுங்கள். நனைந்த துணியை மடித்து வைத்தால் இரண்டாம் நாளே வாடை வரும், அப்புறம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும், அது எந்தச் சோப்புக்கும் முழுசாகப் போகாது. கறை பிடித்த சாமியானாவைக் கல்யாண வீட்டுக்குத் தர முடியாது, கட்டட வேலைக்கு நிழல் போடத்தான் ஆகும். விரித்துக் காயப்போட இடமும் வெயிலும் வேண்டும், மழை நாளில் இரண்டுமே கிடைக்காது. அதற்குத்தான் அந்த 3.

ஷீட் அமைப்பு

ஒரே ஃபைலில் நான்கு ஷீட்: `Items`, `Booking`, `Return`, `Daily`. ஆரம்பிக்கும் முன் `File > Settings` போய் `Locale` என்பதை `India` ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 05/06 என்று நீங்கள் ஜூன் 5-ஐ எழுத, அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 12-க்கு மேற்பட்ட தேதி என்றால் இன்னும் மோசம், மாதமே இல்லாததால் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும், வெளியே போகும் நாளில் இது நடந்தால் கணக்கில் அந்த வரி சேராது, ஒரு எச்சரிக்கையும் வராது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நிஜத் தேதி கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகப் போனது இடது பக்கம் நிற்கும்.

`Items` ஷீட்டில் A-வில் பொருளின் குறி, B-யில் மொத்தம், C-யில் பழுதில் இருப்பது, D-யில் உண்மையில் வாடகைக்குத் தரக்கூடியது. குறி சின்னதாக இருக்கட்டும்: `CHAIR`, `SAMI`, `SOUND` மாதிரி. `Booking` ஷீட்டில் இதைக் கையால் அடிக்காமல் `Data > Data validation` வழியாக டிராப்டவுன் வைத்துவிடுங்கள். ஒருவர் "CHAIR" என்றும் இன்னொருவர் "CHAIRS" என்றும் அடித்தால் ஷீட்டுக்கு அவை இரண்டு வேறு பொருள்.

`Booking`-இல் ஒரு வரிக்கு ஒரு பொருள். ஒரே கல்யாணத்துக்குச் சேர், சாமியானா, சவுண்ட் மூன்றும் போனால் மூன்று வரி, பில் எண் மட்டும் ஒன்றே. சித்தப்பாவுக்கு இது முதலில் பிடிக்கவில்லை, "ஒரு வீட்டுக்கு எதுக்குடா மூணு தடவை எழுதணும்?" என்றார். பொருளுக்குப் பொருள் போகும் நாளும் வரும் நாளும் வேறு என்பதுதான் காரணம். சாமியானா புதன்கிழமையே போகும், சவுண்ட் வியாழன் மாலைதான் போகும்.

கட்டங்கள் இப்படி: A பில் எண், B பெயர், C பொருள், D எண்ணிக்கை, E வெளியே போகும் நாள், F திரும்பும் நாள், G தேறும் நாள், H பூட்டு முடியும் நாள், I பாக்கி, J கெடு தாண்டிய பாக்கி, K நிலை. இதில் H, I, J மூன்றும் தானே வரும், மற்றவை கையால் எழுதுவது. H-க்கு:

```
=F2+G2
```

K-யில் எதுவும் எழுத வேண்டாம், ரத்தானால் மட்டும் `X`. அட்வான்ஸ் வராத புக்கிங்குக்கு `HOLD` என்று போடலாம், ஆனால் அதுவும் கணக்கில் கழியட்டும். மூன்று நாளில் அட்வான்ஸ் வராவிட்டால் போன் செய்து கேட்டுவிட்டு `X` போடுங்கள். "வாய்ச்சொல்லுக்குக் கழிக்க மாட்டேன்" என்று விட்டால், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சேர் இல்லாமல் போகும். சொந்தக்காரர்கள் அட்வான்ஸ் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

Daily: கடையின் நாட்காட்டி

இந்த ஷீட்டில் A2 முதல் கீழே பொருள்கள். B1-இல் `=TODAY()`, C1-இல் `=B1+1`, வலப்பக்கம் போதுமான கட்டங்களைச் சேர்த்துக்கொண்டு அதை 120 நாளுக்கு இழுத்துவிடுங்கள், எங்கள் பக்கம் கல்யாண புக்கிங் மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே வரும். B2-வில்:

```
=VLOOKUP($A2,Items!$A:$D,4,FALSE)-SUMIFS(Booking!$D:$D,Booking!$C:$C,$A2,Booking!$E:$E,"<="&B$1,Booking!$H:$H,">="&B$1,Booking!$K:$K,"<>X")
```

அந்த நாளுக்கு முன்போ அன்றோ வெளியே போய், அன்றோ அதற்குப் பின்னோ பூட்டு முடிகிற எல்லா வரியையும் கூட்டி, கடையில் இருப்பதிலிருந்து கழிக்கிறது, அவ்வளவுதான். எல்லாக் கட்டத்துக்கும் இழுத்துவிட்டு, `Format > Conditional formatting` போய்ப் பூஜ்யத்துக்குக் கீழே போனால் சிவப்பு என்று வையுங்கள்.

ஏன் இப்படி நாள் நாளாக? புதிதாக வந்த புக்கிங்கோடு தேதி மோதுகிற பழைய புக்கிங் எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கூட்டிக் கழித்தால் போதாதா என்று நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். அது வேறொரு விதத்தில் ஏமாற்றியது. ஒரு கணக்கு பார்ப்போம்.

தரக்கூடிய சேர் 525. பில் 101 ஒரு கல்யாணம்: 300 சேர், வியாழன் 12 போகிறது, வெள்ளி 13 வருகிறது, தேறும் நாள் 1, ஆக சனி 14 வரை பூட்டு. பில் 102 ஒரு காதுகுத்து: 200 சேர், ஞாயிறு 15 விடியற்காலை போகிறது, அன்று மாலையே வருகிறது, திங்கள் 16 வரை பூட்டு. இப்போது கோயிலிலிருந்து போன்.

"தம்பி, கும்பாபிஷேகத்துக்கு வெள்ளி காலையிலிருந்து ஒரு இருநூறு சேர் வேணும். திங்கட்கிழமை எடுத்துக்கலாம். இருக்குமா?"

மொத்தமாகக் கூட்டும் முறையில், கோயில் கேட்கும் நாட்களோடு 101-உம் மோதுகிறது, 102-உம் மோதுகிறது. 300-உம் 200-உம் சேர்த்து 500, மீதி 25. "இல்லைங்கய்யா" என்று சொல்லிவிடுவோம். ஆனால் 101-உம் 102-உம் ஒரே நாளில் வெளியே இல்லையே. நாள் நாளாகப் பார்த்தால் வெள்ளி 225, சனி 225, ஞாயிறு 325, திங்கள் 325. இதில் மிகக் குறைந்தது 225, கேட்பது 200. தாராளமாகத் தரலாம். கோயில் சேர் செவ்வாயும் துடைக்கக் கடையில் நிற்கும், அதனால் செவ்வாய்க் கட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

இதே அட்டவணையில், சனிக்கிழமை வளைகாப்புக்கு ஒருவர் 400 கேட்டால் நீளநோட்டு "சனி காலி, 525 இருக்கிறது" என்று சொல்லும். `Daily` கோயிலுக்கு முன் 225 என்றும், கோயிலுக்கு எழுதியபின் 25 என்றும் சொல்லும். எங்கள் தையின் கதை அந்த ஒரு கட்டத்தில்தான் இருந்தது. போனில் "இருக்கு" என்று சொல்லும் முன் போகும் நாள் முதல் பூட்டு முடியும் நாள் வரையுள்ள கட்டங்களில் ஆகச் சின்ன எண்ணைப் பாருங்கள், விசேஷ நாளின் கட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

துக்க வீட்டுக்கு என்று தனியாக

கல்யாணம் மூன்று மாதம் முன்பே தெரியும். சாவு விடியற்காலை நாலு மணிக்குப் போனில் வரும், ஆறு மணிக்குச் சாமியானாவும் சேரும் வாசலில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் போய் "ஷீட்டில் மைனஸ் காட்டுகிறது" என்று சொல்ல முடியாது. ஊரில் கடை நடத்துகிறவன் அதற்கு இல்லை என்று சொன்னால் அப்புறம் கல்யாணத்துக்கும் அவனைத் தேடி வர மாட்டார்கள்.

முதலில் நான் மொத்தத்திலிருந்து 60 சேரைக் கழித்து வைத்தேன். அது குழப்பியது, சாவு புக்கிங்கை எழுதும்போது அதே 60 இரண்டாவது தடவையும் கழிந்தது. அப்புறம் அதைத் தனிப் பொருளாகவே ஆக்கிவிட்டேன்: `DCHAIR` 60, `DSAMI` 1. கடையிலும் பழைய 60 சேர் தனிச் சுவரோரம் அடுக்கியிருக்கும், முகூர்த்த நாளில் எவ்வளவு நெருக்கினாலும் அதைத் தொடுவதில்லை. துக்க வீட்டுக்குப் போன சேர் வேண்டாம் என்று நினைக்கிற கல்யாண வீடுகளும் உண்டு, அவர்களுக்கும் பதில் சொல்ல வசதி.

துக்க வீட்டு வரியை எழுதும்போதே இன்னொன்றும் செய்துவிடுங்கள். பல வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் உண்டு, அதற்கும் பந்தலும் சேரும் நம்மிடமே கேட்பார்கள். அந்த நாளில் `HOLD` என்று ஒரு வரி போட்டுவையுங்கள், ஒரு வாரம் கழித்துப் பேசிக்கொள்ளலாம். சாவு வீட்டில் சேரை எண்ணிக் கையெழுத்துக் கேட்காதீர்கள். டிரைவர் வண்டியில் எண்ணியதை மட்டும் எழுதிக்கொள்ளட்டும், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் குறைந்ததைப் பேசலாம்.

சவுண்ட்: பெட்டியோடு ஆளையும் எண்ணுங்கள்

எங்களிடம் மூன்று செட் இருந்தது, ஷீட் மூன்று என்று காட்டியது, நானும் ஒரே மாலையில் மூன்று இடத்துக்கு ஒப்புக்கொண்டேன். ஆபரேட்டர் இரண்டு பேர்தான். மூன்றாவது இடத்தில் நானே மிக்சர் முன்னால் உட்கார்ந்தேன், மைக் கீச்சிட்டதில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து `Items`-இல் `OPER` என்று ஒரு பொருள், மொத்தம் 2. சவுண்ட் எழுதும்போதெல்லாம் `OPER` ஒரு வரி. வண்டிக்கும் இதேபோல் போடலாம், ஆனால் வண்டி ஒரே நாளில் நாலு நடை போகும் என்பதால் நாள் கணக்கு அதற்குச் சரிப்படாது, அதைச் சித்தப்பா மண்டைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

செட்டை ஒன்றாகப் புக் செய்தாலும் ஏற்றும்போது ஒன்றொன்றாகத்தான் எண்ண வேண்டும். பெட்டி, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் தொலையாது, பெரிசாக இருக்கிறது. தொலைவது மைக் ஹோல்டர், பவர் கார்டு, ஜங்ஷன் பாக்ஸ், மைக் கேபிளில் ஒன்று. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு நிற டேப் சுற்றினோம்: சிவப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பு செட்டின் மூடிக்குள் அதில் என்னென்ன எத்தனை என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும், ஆபரேட்டர் மடக்கும்போது அதைப் பார்த்தே மடக்குவார். மஞ்சள் டேப் கேபிள் சிவப்புப் பெட்டியில் இருந்தால் எங்கே மாறியது என்று உடனே தெரியும்.

திரும்பி வந்த செட்டைப் போட்டுப் பார்க்காமல் "வந்தது" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு மைக்கிலும் பேசிப் பாருங்கள், கேபிளை ஜாக்கின் அருகே லேசாக ஆட்டிப் பாருங்கள், கரகரத்தால் உள்ளே கம்பி விட்டிருக்கிறது. பெட்டியில் சத்தம் வருகிறது, ஆனால் பேச்சு மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல மந்தமாக இருக்கிறது என்றால் ட்வீட்டர் போயிருக்கும். யாரோ ராத்திரி பாட்டுக்கு முழுசாகத் திருகியிருப்பார்கள். இதை அடுத்த விசேஷத்தில் கண்டுபிடித்தால் யாரிடமும் கேட்க முடியாது.

திரும்பி வருவதை எழுதுவது

இதுதான் பெரும்பாலும் யாரும் செய்யாத வேலை. வெளியே போவதை எல்லாரும் எழுதுவார்கள், அதில் காசு இருக்கிறது. வருவதை எழுத அலுப்பு.

`Return` ஷீட்டில் A பில் எண், B பொருள், C வந்த நாள், D கணக்குத் தீர்ந்த எண்ணிக்கை, அதாவது வந்ததும் காசு வாங்கியதும் சேர்த்து, E அதில் உடைந்தது, F அதில் தொலைந்து காசு வாங்கியது. ஒரே பில்லுக்கு எத்தனை தடவை வந்தாலும் அத்தனை வரி. சேர் எப்போதும் தவணையில்தான் வரும். `Booking`-இல் I-க்கு:

```
=D2-SUMIFS(Return!$D:$D,Return!$A:$A,A2,Return!$B:$B,C2)
```

J-க்கு:

```
=IF(OR(K2="X",I2<=0,H2>=TODAY()),0,I2)
```

பூட்டு முடியும் நாள் தாண்டியும் ஏதாவது வராமல் இருந்தால் அந்த எண்ணிக்கை J-யில் வரும். இப்போது `Items` ஷீட்டின் D:

```
=B2-C2-SUMIFS(Booking!$J:$J,Booking!$C:$C,A2)
```

கெடு தாண்டி வராத சேர் இனி வரும் எல்லா நாளுக்கும் கழிக்கப்படுகிறது. "அது நாளைக்கு வந்துடும்" என்பதை ஷீட் நம்பாது. வந்து, `Return`-இல் எழுதினால்தான் மறுபடி எண்ணிக்கையில் சேரும். கொஞ்சம் கறார்தான், ஆனால் வராத சேரை இன்னொரு வீட்டுக்கு வாக்குக் கொடுப்பதைவிட மேல். ஒரு சின்ன வேடிக்கை: `OPER` வரிக்கும் ரிட்டர்ன் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேட்டர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் ஷீட் அவரைக் கல்யாண மண்டபத்திலேயே பாக்கி வைத்திருக்கும்.

ஒரே பில்லில் பின்னால் கூடுதல் சேர் கேட்டால் 101A என்று புது எண் கொடுங்கள். 101-இல் `CHAIR` இரண்டு வரி இருந்தால் வந்தது இரண்டு வரியிலும் கழிந்து பாக்கி தப்பாகிவிடும்.

பில் 101 எப்படி முடிந்தது

வியாழன் காலை 300 சேர் போனது, இருபது இருபதாக அடுக்கி 15 அடுக்கு. அடுக்காகவே எண்ணினால் டிரைவரும் வீட்டுக்காரரும் ஒரு நிமிஷத்தில் ஒப்புக்கொள்வார்கள், சலானில் கையெழுத்தும் அங்கேயே வாங்கிவிடலாம். வெள்ளி ராத்திரி வண்டி திரும்பியது. இருட்டில் டிரைவர் எண்ணியது 247. சனி காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் 7 சேரின் அடியில் எங்கள் அடையாளம் இல்லை. நாங்கள் இருக்கையின் அடியில் பச்சைப் பெயிண்டில் கடையின் முதலெழுத்தும் ஒரு கோடும் போடுவோம். அந்த ஏழில் நீலக் கோடு, அதே மண்டபத்துக்கு வரவேற்புக்குச் சேர் போட்ட இன்னொரு கடையுடையது. நிறம் ஒன்றாக இருந்ததால் ஏற்றும் பையன்கள் அள்ளிப் போட்டுவிட்டார்கள்.

ஆக எங்களுடையது 240. அதில் 3 கால் உடைந்தது. `Return`-இல் 101, CHAIR, 240, உடைந்தது 3. `Items`-இன் பழுது 15-இலிருந்து 18 ஆனது. பாக்கி 60. சனி வரை பூட்டு என்பதால் அன்று ஷீட் அமைதியாக இருந்தது. ஞாயிறு காலை J-யில் 60 வந்தது, தரக்கூடிய சேர் 525-இலிருந்து 462 ஆகிவிட்டது. ஞாயிறன்று காதுகுத்துக்கு 200, கோயிலுக்கு 200, மீதி 62. சிவப்பு வரவில்லை, மூச்சு விட்டோம். வந்திருந்தால் ஞாயிறு காலையில்தானே தெரிந்திருக்கும் என்று கேட்பீர்கள், சரிதான். அதனால் பெரிய முகூர்த்தத்தில், வண்டி திரும்பிய ராத்திரியே I-ஐப் பார்க்கிறேன், ஷீட் சொல்லும்வரை காத்திருப்பதில்லை.

கல்யாண வீட்டுக்குப் போன் போட்டேன். "எல்லாம் அனுப்பிட்டோமே" என்பதுதான் எப்போதும் முதல் பதில். சண்டை போடாமல் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: மண்டபம் போக வீட்டுக்கு எத்தனை எடுத்துப் போனீர்கள்? மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு மூன்று அடுக்கு இறக்கியது அவர்களுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. மொட்டைமாடியிலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலுமாக 52 கிடைத்தது. நீலக்கோட்டுக் கடைக்கு அந்த ஏழையும் கொண்டுபோனபோது அங்கே எங்கள் பச்சைக்கோடு 6 நின்றது. மீதி 2. சலானிலேயே "குறைந்தால் சேர் ஒன்றுக்கு இவ்வளவு" என்று அச்சடித்திருந்ததால் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டோம், பேரம் இல்லை. அந்தத் தொகை புதுச் சேர் விலையாகவே இருக்கட்டும். பழைய சேர் விலை போட்டால், தொலைத்தவர் கொடுக்கும் காசில் நாம் கூடப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

`Return`-இல் இன்னும் மூன்று வரி: 52, 6, 2. கடைசி வரியில் F-இலும் 2. `Items`-இன் மொத்தத்தைக் கையால் 540-இலிருந்து 538 ஆக்கினேன். இதைத் தானே குறையும்படி ஃபார்முலா போடலாம், நான் போடவில்லை. சேர் குறைவதை ஒரு ஆள் உட்கார்ந்து அடிக்கும்போதுதான் வருடத்துக்கு எத்தனை போகிறது என்று உறைக்கிறது. இப்போது 538-இல் 18 போக 520, பில் 101-இன் பாக்கி பூஜ்யம்.

வாடகை விஷயத்திலும் இந்த ஷீட் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. சாமியானாவுக்கு ஒரு நாள் வாடகைதான் வாங்குகிறோம், ஆனால் முந்தின நாள் கட்டி, மறுநாள் பிரித்து, மழையில் மூன்று நாள் காய்ந்து, E-யிலிருந்து H வரை எண்ணினால் ஆறு நாள் பூட்டு. கார்த்திகையில் ஒரு சாமியானா மாதத்துக்கு ஐந்து தடவைதான் போக முடியும். சித்தப்பா அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மழைக்கால வாடகையை அன்றே ஏற்றிவிட்டார்.

திங்கட்கிழமை காலை வேலை இப்போது ஒன்றுதான். `Booking`-இல் J-யை ஃபில்டர் செய்து, பூஜ்யம் இல்லாத வரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன். பெரும்பாலும் நாலைந்து வீடு இருக்கும். "எல்லாம் அனுப்பிட்டோமே" என்பார்கள். மொட்டைமாடியில் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவேன்.